முப்பத்திரண்டு பீஸ் சொப்பும் மூன்று வரி உண்மையும்

“பாரம்பரிய மரச் சொப்புச் சாமான். 32 பீஸ். 1 வயது முதல். 100% இயற்கை, நச்சற்றது, பிபிஏ ஃப்ரீ. குழந்தையின் ஐக்யூ வளரும்! விலை 649 ரூபாய் மட்டுமே.”

நவராத்திரி நெருங்கினால் இப்படி ஒரு விளம்பரம் யாருடைய கைபேசியிலும் வந்து நிற்கும். இது ஒரு குறிப்பிட்ட கடைக்காரர் எழுதியதில்லை. பலர் எழுதுவதைச் சேர்த்துப் பிசைந்த மாதிரி. கூடவே ஒரு படம் இருக்கும். வாழையிலை மேல் சிவப்பும் மஞ்சளுமாக அடுப்பு, பானை, உரல், அம்மி. பின்னால் பட்டுப்பாவாடை கட்டிய ஒரு சின்னப் பெண். பார்த்தவுடன் வாங்கத் தோன்றும். பாட்டிமாருக்கு இன்னும் கூடுதலாகத் தோன்றும்.

பொம்மை வாங்கும் பெற்றோருக்கு அடிப்படையில் மூன்று கேள்விகள்தான். இது என் பிள்ளையின் வயதுக்கு ஆகுமா? எதனால் செய்தது, வாயில் வைத்தால் என்ன ஆகும்? பெட்டியைத் திறந்தால் உள்ளே என்னென்ன இருக்கும்? மேலே உள்ள விளம்பரம் மூன்றுக்கும் பதில் சொல்வதுபோல் இருக்கிறது. ஒவ்வொன்றாக உரசிப் பார்த்தால், நம்பி வாங்கும்படியான பதில் ஒன்றுகூட இல்லை.

முதலில் வயது. பொம்மைப் பெட்டியின் மேல் இருக்கும் வயதைப் பெரும்பாலான பெற்றோர் பாடப்புத்தகத்தின் மேல் இருக்கும் வகுப்பு எண்ணைப் போலப் படிக்கிறார்கள். ‘3+’ என்று போட்டிருந்தால், “எங்க பொண்ணு ரெண்டு வயசுலயே இதெல்லாம் செய்வா” என்று பெருமையோடு வாங்கிப் போகிறார்கள். அந்த எண்ணுக்கும் பிள்ளையின் கெட்டிக்காரத்தனத்துக்கும் அவ்வளவாகத் தொடர்பு இல்லை. குறிப்பாக மூன்று வயது என்ற கோடு தொண்டையை வைத்துப் போட்ட கோடு. மூன்று வயதுக்கு உட்பட்ட குழந்தை கையில் கிடைத்ததையெல்லாம் வாய்க்குள் கொண்டுபோகும். மூச்சுக்குழாய் சிறியது, இருமித் தள்ளும் வலுவும் குறைவு. அந்த வயதினருக்கான பொம்மையில் சிறு துண்டுகள் இருக்கவே கூடாது என்று இந்தியத் தர நிர்ணயம் உட்பட உலகின் பெரும்பாலான விதிகள் சொல்வது இதனால்தான். சிவப்பு வட்டத்துக்குள் குழந்தை முகமும் ‘0-3’ என்ற எண்ணும் போட்டு, குறுக்கே கோடு கிழித்த ஒரு படத்தைச் சில பெட்டிகளில் பார்த்திருக்கலாம். அதன் பொருளும் இதுவே.

‘சிறு துண்டு’ என்பதை எப்படி முடிவு செய்கிறார்கள்? சோதனைக்கூடத்தில் அதற்கென்று ஒரு சிறிய உருளை உண்டு. உள்விட்டம் 31.7 மில்லிமீட்டர். அடிப்பகுதி சரிவாக இருக்கும். ஒரு பக்கம் ஆழம் 25.4 மி.மீ., எதிர்ப்பக்கம் 57.1 மி.மீ. பொம்மையோ அதிலிருந்து கழன்ற பகுதியோ, எந்தக் கோணத்தில் போட்டாலும், அழுத்தாமல் முழுமையாக அதற்குள் அடங்கிவிட்டால் அது சிறு துண்டு. மூன்று வயதுக்கு உட்பட்டோருக்கு ஆகாது. சிறு குழந்தையின் விரிந்த தொண்டையை மனத்தில் கொண்டு வகுத்த அளவு அது.

இந்த உருளையை வீட்டிலேயே ஏறக்குறைய செய்துவிடலாம். கல்யாணப் பத்திரிகை போன்ற கெட்டி அட்டையில் சரியாக 10 செ.மீ. நீளமும் 5.7 செ.மீ. அகலமும் உள்ள ஒரு துண்டை வெட்டிக்கொள்ள வேண்டும். 10 செ.மீ. பக்கத்தைச் சுருட்டி, இரண்டு ஓரங்களும் ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல் தொட்டு நிற்கும்படி டேப் ஒட்டினால், உள்விட்டம் கிட்டத்தட்ட 31.8 மி.மீ. வரும். மேசை மேல் நிறுத்தி, பொம்மையின் துண்டுகளை ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்க்கலாம். சோதனைக்கூட உருளையின் அடி சரிவானது. அட்டைக் குழாயின் அடி தட்டை. அதனால் இதில் கொஞ்சம் கூடுதலாக அடங்கும். தவறினாலும் பாதுகாப்பான பக்கமே தவறும்.

உருண்டைகளுக்குக் கணக்கு வேறு. பந்து போன்ற பொருள் தொண்டையை முழுக்க அடைத்துவிடும், காற்றுப் போக இடுக்கு இருக்காது. அதனால் பந்துக்கு வரம்பு 44.5 மி.மீ. என்று பெரிதாக வைத்திருக்கிறார்கள். அட்டையை 14 செ.மீ. நீளத்தில் வெட்டிச் சுருட்டினால் அந்த வளையம் கிடைக்கும். அதன் வழியாக விழும் எந்தப் பந்தும் மூன்று வயதுக்குக் கீழே உள்ள பிள்ளையின் கையில் இருக்கக் கூடாது. கோலிக்குண்டைப் பற்றிச் சொல்லவே வேண்டியதில்லை.

சரி, நம் சொப்புப் பெட்டிக்கு வருவோம். இந்த வகைச் செட்டுகளில் டம்ளர் 2 செ.மீ. உயரம்கூட இருக்காது. பானை மூடியின் விட்டம் இரண்டரை செ.மீ. அம்மிக் குழவி சுண்டுவிரல் பருமனில் 3 செ.மீ. நீளம். மூன்றும் அட்டைக் குழாய்க்குள் சத்தமில்லாமல் இறங்கிவிடும். ‘1 வயது முதல்’ என்று எழுதியவர் இந்த மூன்றையும் ஒரு முறை கையில் எடுத்துப் பார்த்திருந்தால் எழுதியிருக்க மாட்டார். அல்லது பார்த்தும் எழுதியிருப்பார். முதல் பிறந்தநாள் பரிசுச் சந்தை பெரியது; ‘3+’ என்று போட்டால் அது கைவிட்டுப் போகும்.

இதற்கு நேர்மாறான தந்திரமும் உண்டு. கிலுகிலுப்பையையோ கடித்து விளையாடும் வளையத்தையோ விற்கும்போது, “3 வயதுக்கு மேல்” என்று ஓரத்தில் பொடி எழுத்தில் போட்டுவிட்டால் கடுமையான சோதனைகளிலிருந்து தப்பிக்கலாம் என்று சிலர் நினைக்கிறார்கள். தப்ப முடியாது. கிலுகிலுப்பை, பல் முளைக்கும்போது கடிக்கும் பொம்மை, கட்டிப்பிடித்துத் தூங்கும் மெத்தென்ற பொம்மை போன்றவை யாருக்கானவை என்பது ஊருக்கே தெரியும். ஓரத்தில் என்ன எழுதியிருந்தாலும் அவை சின்னக் குழந்தைக்கான பொம்மைகளாகவே சோதிக்கப்பட வேண்டும். அந்தச் சோதனையில் பொம்மையை அப்படியே அளப்பதோடு விடுவதில்லை. பல முறை கீழே போடுவார்கள், திருகுவார்கள், கரடியின் கண்ணைப் பிடித்து ஏறக்குறைய ஏழு கிலோ எடை தொங்குவது போன்ற விசையில் இழுப்பார்கள். அதன் பிறகு எது கழன்று வருகிறதோ அதை உருளைக்குள் போட்டுப் பார்ப்பார்கள். வீட்டில் பிள்ளை செய்யப்போவதைத்தான் கூடத்தில் முன்கூட்டியே செய்கிறார்கள்.

வயதைக் கூட்டி எழுதினால் தீராத ஆபத்துகள் இரண்டு உண்டு. விற்பவர் தனியாகச் சொல்லியே ஆக வேண்டியவை அவை. ஒன்று, சிறிய வலுவான காந்தங்கள். ஒரே காந்தத்தை விழுங்கினால் பெரும்பாலும் தானே வெளியேறிவிடும். இரண்டை விழுங்கினால் குடலின் வெவ்வேறு மடிப்புகளில் இருந்தபடி ஒன்றையொன்று இழுத்து, நடுவில் சிக்கிய குடற்சுவரை நசுக்கித் துளைத்துவிடும். மற்றொன்று, காசு போன்ற வட்டமான லித்தியம் பேட்டரி. 20 மி.மீ. விட்டமுள்ளது குழந்தையின் உணவுக்குழாயில் சிக்கினால், உமிழ்நீர் வழியே மின்னோட்டம் பாய்ந்து அந்த இடத்தில் காரம் உண்டாகிறது. இரண்டு மணி நேரத்துக்குள் ஆழமான புண் ஏற்படலாம். எட்டு வயதுப் பிள்ளைக்கு வாங்கிய பொம்மையின் பேட்டரியை ஒன்றரை வயதுத் தம்பி விழுங்குவான். ஆகவே ‘பேட்டரியில் இயங்கும்’ என்று மட்டும் எழுதினால் போதாது. எந்த வகை பேட்டரி, எத்தனை, அதன் மூடி ஸ்க்ரூ போட்டு மூடியதா என்ற மூன்றும் வேண்டும். விழுங்கியதாகச் சந்தேகம் வந்தாலே உடனே மருத்துவமனைக்கு ஓட வேண்டும். காலையில் பார்க்கலாம் என்று இருக்கக் கூடாது.

அடுத்தது பொருள். ‘100% இயற்கை, நச்சற்றது, பிபிஏ ஃப்ரீ’ என்ற வரியில் இருக்கும் மூன்று சொல்லில் கடைசியை முதலில் எடுத்துவிடலாம். பிபிஏ என்பது பாலிகார்பனேட் போன்ற சில பிளாஸ்டிக்குகளோடு தொடர்புடைய வேதிப்பொருள். மரச் சொப்பில் அது இல்லை என்று பெருமைப்படுவது, இளநீரில் பால் கலப்படம் இல்லை என்று சொல்வதைப் போன்றது. மெத்தென்ற பிவிசி பொம்மையில் இதை எழுதும்போது அது இன்னும் மோசமான திசைதிருப்பல். அங்கே கேட்க வேண்டிய கேள்வி தாலேட்டுகளைப் பற்றியது. பிவிசியை வளைந்து கொடுக்கச் செய்யச் சேர்க்கும் இந்தப் பொருள்களுக்குத்தான் பொம்மைத் தரத்தில் 0.1 சதவீதம் என்று வரம்பு வைத்திருக்கிறார்கள். பிபிஏ இல்லாத பொம்மையில் தாலேட் நிறைய இருக்கலாம்.

மர பொம்மையில் கவலை மரத்தைப் பற்றியதாகப் பெரும்பாலும் இருக்காது, வண்ணத்தைப் பற்றியது. நம் பக்கத்தில் கடைசல் பொம்மைக்கு அம்பாசமுத்திரம் பேர்போனது. கர்நாடகத்தில் பெங்களூரு–மைசூரு சாலையில் இருக்கும் சன்னபட்டணம். சன்னபட்டணத்தில் வெட்பாலை மரத்தைக் கடைசல் இயந்திரத்தில் சுழலவிட்டு, வண்ணம் கலந்த அரக்குக் குச்சியை அதன்மேல் அழுத்துவார்கள். உராய்வுச் சூட்டில் அரக்கு உருகி மரத்தின்மேல் பரவும். பிறகு தாழை ஓலையால் தேய்த்தால் பளபளப்பு வரும். தூரிகையும் கிடையாது, தின்னரும் கிடையாது. அரக்கு பூச்சியிலிருந்து வரும் இயற்கைப் பிசின். இவ்வளவும் உண்மை.

ஆனால் அரக்கு இயற்கை என்பதால் அதில் கலந்த நிறமும் இயற்கை என்று ஆகிவிடாது. மஞ்சள் கிழங்கிலிருந்தும் மஞ்சள் வரும், ஈயம் கலந்த குரோமேட் நிறமியிலிருந்தும் மஞ்சள் வரும். இரண்டாவது இன்னும் பளிச்சென்று இருக்கும், வெயிலில் அவ்வளவு எளிதில் வெளுக்காது. போதாததற்கு, ‘பாரம்பரியம்’ என்ற பெயரில் அரக்கே இல்லாமல் சாதாரண எனாமல் பெயிண்ட் பூசிய பொம்மைகளும் அதே கடையில் அதே விலைக்கு இருக்கும். வீட்டுக்கும் அலங்காரத்துக்குமான பெயிண்டில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது என்ற விதி 2017 நவம்பரிலிருந்து நாட்டில் நடைமுறையில் இருக்கிறது. தொழிற்சாலைப் பயன்பாட்டுக்கான பெயிண்டுக்கு அந்த விதி பொருந்தாது. ஹார்டுவேர் கடையில் இரண்டு டப்பாவும் பக்கத்துப் பக்கத்தில் நிற்கும். பட்டறைக்கு எது போனது என்பது விளம்பரம் எழுதுகிறவருக்குப் பெரும்பாலும் தெரியாது, அவர் கேட்டும் இருக்க மாட்டார்.

அரக்கா எனாமலா என்பதை ஓரளவு கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. அரக்கு ஆல்கஹாலில் கரையும். கை கழுவும் சானிடைசரைப் பஞ்சில் தொட்டு, பொம்மையின் அடிப்பக்கத்தில் சிறிது நேரம் தேய்த்தால் அரக்குப் பூச்சு மங்கி, பஞ்சில் நிறம் ஏறும். நன்றாகக் காய்ந்த எனாமலில் அப்படி ஆகாது. இது பூச்சின் வகையை மட்டும்தான் காட்டும். ஈயம் இருக்கிறதா என்பதைக் கண்ணாலோ மூக்காலோ பஞ்சாலோ கண்டுபிடிக்க முடியாது.

அதற்குச் சோதனைக்கூடம் வேண்டும். ஐ.எஸ். 9873 தரத்தின் மூன்றாம் பகுதி இதைப் பற்றியது. பூச்சைச் சுரண்டி, வயிற்றில் இருப்பது போன்ற நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில், உடல் சூட்டில், இரண்டு மணி நேரம் வைப்பார்கள். அந்த அமிலத்தில் ஈயம், காட்மியம், பாதரசம், ஆர்செனிக் உள்ளிட்ட எட்டுத் தனிமங்கள் எவ்வளவு கரைந்து வந்தன என்று அளப்பார்கள். ஈயத்துக்கு வரம்பு கிலோவுக்கு 90 மில்லிகிராம். பிள்ளை பூச்சைச் சுரண்டித் தின்றால் உடம்புக்குள் எவ்வளவு போகும் என்பதற்கான ஒத்திகை இது. விற்பவர் “டெஸ்ட் பண்ணியாச்சு சார்” என்று ஓர் அறிக்கையை நீட்டினால், அதில் முதலில் பார்க்க வேண்டியது எந்த நிறம் சோதிக்கப்பட்டது என்பதை. சிவப்புக்கு வாங்கிய அறிக்கை மஞ்சளுக்குச் செல்லாது. அடுத்து, தேதியையும் மாதிரியின் படத்தையும் பார்க்க வேண்டும். நான்கு வருடத்துக்கு முன் வேறொரு பொம்மைக்கு எடுத்த அறிக்கை இன்னும் சுற்றிக்கொண்டிருக்கும் சந்தை இது.

சட்டம் என்ன சொல்கிறது? 2019இல் இந்தியத் தரக் குழுமம் டெல்லி வட்டாரத்தில் இறக்குமதி பொம்மைகளை வாங்கிச் சோதித்தபோது ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு தேறவில்லை. அடுத்த ஆண்டு மத்திய அரசு பொம்மைகளுக்கான தரக் கட்டுப்பாட்டு ஆணையைப் பிறப்பித்தது. 2021 ஜனவரி 1 முதல், 14 வயதுக்கு உட்பட்டோர் விளையாடும் பொம்மைகளுக்கு ஐஎஸ்ஐ முத்திரை கட்டாயம். உள்நாட்டில் செய்ததோ வெளிநாட்டிலிருந்து வந்ததோ, கடையில் விற்பதோ இணையத்தில் விற்பதோ, எல்லாவற்றுக்கும் இதுவே. பெட்டியின் மேல் ‘சிஇ’ என்ற ஐரோப்பியக் குறி இருந்தால் போதும் என்று நினைப்பவர்கள் உண்டு. இந்தியாவில் விற்க அது செல்லாது.

முத்திரையை அச்சடிப்பது பெரிய காரியமில்லை. அதனால் கீழே இருக்கும் உரிம எண்தான் முக்கியம். CM/L என்று தொடங்கும் அந்த எண்ணை BIS Care செயலியில் தட்டினால், உரிமம் யார் பெயரில் இருக்கிறது, இன்னும் நடப்பில் இருக்கிறதா, எந்தத் தரத்துக்கு என்பதெல்லாம் வரும். பெட்டியில் ஒரு பெயரும் செயலியில் வேறு பெயரும் வந்தால் கேள்வி கேட்கலாம். தரத்தையும் பார்க்க வேண்டும். மின்சாரத்திலோ பேட்டரியிலோ ஓடும் பொம்மைக்கு ஐ.எஸ். 15644, மற்றவற்றுக்கு ஐ.எஸ். 9873. சத்தம் போட்டு ஓடும் ரயிலின் பெட்டியில் இரண்டாவது எண் மட்டும் இருந்தால் ஏதோ சரியில்லை. நல்ல விற்பனையாளர் இந்த எண்ணை விளம்பரத்திலேயே எழுதிவிடுவார். வாங்குபவர் பூதக்கண்ணாடியோடு படத்தை உற்றுப் பார்க்க வேண்டியிருக்காது.

கைவினைஞர்களுக்கு விலக்கு இருக்கிறது. கைவினைப் பொருள்களுக்கான வளர்ச்சி ஆணையரிடம் பதிவு செய்த கைவினைஞர் தாமே செய்து விற்கும் பொம்மைக்கும், புவிசார் குறியீடு பெற்ற பொம்மையை அதற்கெனப் பதிவு பெற்றவர் செய்து விற்பதற்கும் ஐஎஸ்ஐ தேவையில்லை என்று 2020 டிசம்பரில் ஆணையைத் திருத்தினார்கள். சின்னப் பட்டறைகள் சோதனைக்கூடம் அமைக்க முடியாமல் மூடிப்போகக் கூடாது என்ற நியாயமான நோக்கம் அதில் இருந்தது. இந்த விலக்கின் நிழலில் ஒதுங்குபவர்கள்தான் பிரச்சினை. பத்துப் பட்டறைகளில் மொத்தமாக வாங்கி, தன் பிராண்ட் ஸ்டிக்கரை ஒட்டி விற்கும் வியாபாரி, “கைவினைப் பொருளுக்கு ஐஎஸ்ஐ வேண்டாமே” என்று சொன்னால் அது அவருக்கான விலக்கா என்று கேட்க வேண்டும். மேலும், விலக்கு என்பது முத்திரையிலிருந்து விலக்கு. அதில் ஈயம் இல்லை என்று யாரும் சோதித்துச் சான்று கொடுத்ததாகப் பொருள் இல்லை.

மூன்றாவது கேள்விதான் தினமும் சண்டையில் முடிவது. பெட்டிக்குள் என்ன?

‘32 பீஸ்’ என்பதை எண்ணிப் பார்ப்போம். நம் மாதிரிப் பெட்டியில் அடுப்பு ஒன்று, பானை மூன்று, அவற்றின் மூடி மூன்று. உரலும் உலக்கையும் இரண்டு, அம்மியும் குழவியும் இரண்டு, ஆட்டுக்கல்லும் அதன் குழவியும் இரண்டு. குடம் இரண்டு, கரண்டி ஐந்து, தட்டு நான்கு, டம்ளர் நான்கு. தோசைக்கல் ஒன்று, திருப்பி ஒன்று, பூரிப்பலகையும் கட்டையும் இரண்டு. கூட்டினால் 32 சரியாக வருகிறது. பொய் இல்லை. ஆனால் மூடியில்லாத பானையையும் உலக்கையில்லாத உரலையும் யாரும் தனிப் பொருளாக எண்ணுவதில்லை. வீட்டில் எண்ணுவதுபோல் எண்ணினால் 25 பொருள்தான். அந்த 25இல் பாதிக்கு மேல் கரண்டியும் தட்டும் டம்ளருமே. படத்தில் முன்னால் பெரிதாகத் தெரிந்த அடுப்பும் உரலும் ஒவ்வொன்றுதான்.

அளவு அடுத்த ஏமாற்றம். படத்தில் பக்கத்தில் ஒப்பிட எதுவும் இல்லாவிட்டால் 5 செ.மீ. பானை 15 செ.மீ. பானைபோல் தெரியும். வாழையிலை, பித்தளைத் தாம்பாளம், பட்டுப்பாவாடைப் பொம்மை எல்லாம் படத்துக்கு மட்டும், பெட்டியில் வராது. இவ்வளவையும் சரிசெய்ய ஒரே ஒரு படம் போதும். பெட்டியில் உள்ள எல்லாவற்றையும் ஒரு வெள்ளைத் துணிமேல் பரப்பி, பக்கத்தில் ஒரு ஸ்கேலை வைத்து, மேலிருந்து எடுத்த படம். விற்பனையை அது கெடுத்துவிடும் என்று பலர் பயப்படுகிறார்கள். அந்தப் படம் இல்லாததால் திரும்பி வரும் பார்சலுக்கு இருவழித் தபால் செலவும் அவர்கள் கையிலிருந்தே போகிறது.

இதற்கும் சட்டம் இருக்கிறது என்பது பலருக்குத் தெரியாது. பொட்டலப் பொருள்களுக்கான 2011ஆம் ஆண்டு எடையளவு விதிகளின்படி, ஒரு பெட்டிக்குள் ஒன்றுக்கு மேற்பட்ட பொருள்கள் இருந்தால் ஒவ்வொன்றின் பெயரும் எண்ணிக்கையும் பெட்டியின் மேல் இருக்க வேண்டும். ‘32 பீஸ்’ என்ற மொத்தக் கணக்கு மட்டும் போதாது. தயாரித்தவர் அல்லது இறக்குமதி செய்தவரின் பெயர், முகவரி, அதிகபட்ச சில்லறை விலை, குறைகளுக்குத் தொடர்புகொள்ள வேண்டிய விவரம் ஆகியவையும் வேண்டும். இணையத்தில் விற்றால் இந்த விவரங்களில் பெரும்பாலானவற்றை வாங்கும் முன்பே திரையில் காட்ட வேண்டும். 2020ஆம் ஆண்டின் மின்வணிக விதிகள் இன்னொரு படி போகின்றன. விளம்பரத்தில் சொன்ன தன்மை பொருளில் இல்லையென்றால், திருப்பி எடுத்துக்கொள்ள விற்பவர் மறுக்கக் கூடாது. தானே வாடிக்கையாளர்போல் நடித்து ஐந்து நட்சத்திரம் போட்டுக்கொள்வதும் கூடாது. வாட்ஸ்அப்பிலும் இன்ஸ்டாகிராமிலும் தொழிலாகவே விற்பவர்கள், “நாங்க கம்பெனி இல்லையே” என்று இதிலிருந்து நழுவ முடியாது.

அப்படியானால் அந்தச் சொப்புப் பெட்டிக்கு நேர்மையான விளம்பரம் எப்படி இருக்கும்? ஏறக்குறைய இப்படி:

“மரச் சொப்புச் சாமான், 25 பொருள்கள் (மூடி, குழவி, உலக்கை எல்லாம் சேர்த்து எண்ணினால் 32 துண்டு). முழுப் பட்டியல் கீழே. மிகப் பெரியது அடுப்பு, 6 செ.மீ. அகலம், மிகச் சிறியது டம்ளர், 2 செ.மீ. உயரம். 3 வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கு ஆகாது: டம்ளர், மூடி, குழவி ஆகியவை தொண்டையில் சிக்கும் அளவுள்ளவை. வீட்டில் கைக்குழந்தை இருந்தால், விளையாடி முடித்ததும் எண்ணி எடுத்து வையுங்கள். கடைசல் செய்த வெட்பாலை மரம், அரக்குப் பூச்சு. சிவப்பு, மஞ்சள், பச்சை மூன்று நிறங்களுக்கும் ஐ.எஸ். 9873 மூன்றாம் பகுதிச் சோதனை செய்த அறிக்கையின் படம் இணைத்திருக்கிறோம். செய்தவர் பதிவு பெற்ற கைவினைஞர். அவர் அடையாள அட்டை எண் பெட்டியில் உண்டு. தண்ணீரில் ஊறவைக்கக் கூடாது; ஈரத்துணியால் துடைத்தால் போதும். கையால் செய்வதால் நிறமும் அளவும் சிறிது மாறும். படத்தில் உள்ள வாழையிலையும் தாம்பாளமும் பெட்டியில் இல்லை.”

இதில் ‘பாரம்பரியம்’ என்ற சொல் இல்லை, ஐக்யூ இல்லை. நீளமாகவும் இருக்கிறது. ஆனாலும் இதைப் படித்தவர் முதல் பிறந்தநாளுக்கு இதை வாங்க மாட்டார். நான்கு வயதுப் பேத்திக்கு வாங்குவார். பெட்டி வந்ததும் “இவ்ளோதானா?” என்று கேட்கவும் மாட்டார். எழுதியவருக்கும் இதில் ஒரு நன்மை உண்டு. இந்த வரிகளை எழுத வேண்டுமென்றால் அவர் டம்ளரை அளந்திருக்க வேண்டும், பட்டறைக்குப் போய் எந்த நிறமி என்று கேட்டிருக்க வேண்டும், அறிக்கைக்குப் பணம் கட்டியிருக்க வேண்டும். எழுத முடியாமல் எந்த வரியில் நிற்கிறாரோ, அங்கேதான் அவர் சரக்கைப் பற்றி அவருக்கே தெரியாத விஷயம் இருக்கிறது. சோதனை செய்யவில்லையென்றால், “சோதிக்கப்படவில்லை” என்று எழுதுவதும் ஒரு நேர்மையான பதில்தான். ‘நச்சற்றது’ என்று எழுதுவதைவிட அது ஆயிரம் மடங்கு மேல்.

பெரிய விற்பனைத் தளங்களில் வாங்கினால் இந்தத் தொல்லையெல்லாம் இருக்காது என்று நினைப்பவர்களுக்கு ஒரு செய்தி. 2025 மார்ச்சில் இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் அதிகாரிகள் திருவள்ளூர் மாவட்டத்தில் பெரிய இணைய வணிக நிறுவனங்களின் கிடங்குகளில் சோதனை செய்தபோது, கட்டாயச் சான்றிதழ் இல்லாத பொருள்கள் ஆயிரக்கணக்கில் சிக்கின. குடுவை, மின்விசிறி ஆகியவற்றோடு பொம்மைகளும் அவற்றில் இருந்தன. தளத்தின் பெயர் பெரிதாக இருப்பது, அதில் கடை விரித்திருக்கும் ஒவ்வொருவரின் சரக்குக்கும் உத்தரவாதம் ஆகாது.

கடைசியாக, வாங்குபவர் செய்ய வேண்டிய சின்ன வேலை ஒன்று. பணம் கட்டும் முன் விளம்பரத்தை முழுக்க ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். வயது, பொருள், எண்ணிக்கை மூன்று வரியும் அதில் தெரிய வேண்டும். புகார் கிளம்பினால் சில கடைகளில் ‘1 வயது முதல்’ என்பது ஒரே இரவில் ‘3 வயது முதல்’ என்று மாறிவிடும். பெட்டியைப் பிரிக்கும்போது கைபேசியில் படம் பிடித்துக்கொள்ளுங்கள். விற்பவர் பதில் சொல்லாவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. முத்திரை போலி என்று சந்தேகம் வந்தால் அதே BIS Care செயலியிலேயே புகார் பதிவு செய்யலாம்.